ஹைட்ராவிலிருந்து பர்லின் கட்டு நழுவியது: அறிக்கையில் என்ன எழுதுவது?

கேள்வி: அண்ணா, கிருஷ்ணகிரி – ஓசூர் ரோட்டில் ஒரு ஷெட் வேலையில் சேஃப்டி சூப்பர்வைசரா இருக்கேன், எட்டு மாசம்தான் ஆகுது. நேத்து காலையில 14 டன் ஹைட்ரா கிரேன்ல கூரைக்குப் போடற பர்லின் கட்டு தூக்கும்போது பாதி பீஸ் நழுவி விழுந்துடுச்சு. ஒவ்வொண்ணும் 8 மீட்டர், மொத்தம் 20 பீஸ். கட்டோட பட்டையை முன்னாடியே வெட்டி ரெண்டு பீஸ் எடுத்திருந்தாங்க. ரெண்டு பச்சை பெல்ட்டைச் சுருக்கு மாதிரி சோக் போட்டு, 5 மீட்டர் இடைவெளியில கட்டினது. ஹூக் வரைக்கும் பெல்ட் 3 மீட்டர் இருக்கும். கட்டு 5 மீட்டர் உயரத்துல இருந்துச்சு. ஃபோர்மேனும் ஹெல்பரும் ரெண்டு பேருமே கை காட்டிட்டிருந்தாங்க. டேப் ஹைட்ராவைச் சுத்தித்தான் கட்டியிருந்தோம். ரெண்டு பசங்க நாலு மீட்டர் தள்ளி தூண் போல்ட் டைட் பண்ணிட்டிருந்தாங்க, அடி படலை. மேனேஜர் "ஆபரேட்டர் கவனக்குறைவு, எச்சரிக்கப்பட்டார்னு ரெண்டு வரி எழுதி மூடிடு"ங்கிறார். எப்படி எழுதறது?

பதில்: தம்பி, அந்த இரண்டு வரியை எழுதாதீர்கள். நான் ஒருமுறை எழுதியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

எட்டு வருடம் முன்னால், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் யார்டில் இருந்தேன். கம்பி ஸ்லிங் போட்டுத் தூக்கிய கல் ஒன்று, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நழுவி உட்கார்ந்தது. "ஸ்லிங் போட்டவர் கவனக்குறைவு" என்று எழுதினேன். அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து, வேறு ஆள், அதே யார்டு, அதே மாதிரி நழுவல். இந்த முறை இடுப்பு உயரம். அப்புறம்தான் கல்லையே உட்கார்ந்து பார்த்தேன். குவாரியிலிருந்து வரும் முரட்டுக் கல் சதுரமாக இருக்காது, ஒரு பக்கம் குறுகும். ஸ்லிங் எப்போதும் குறுகிய பக்கம் நோக்கி வழுக்கும். எந்தப் பக்கம் குறுகல் என்று பார்த்துக் குறியிட யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. முதல் அறிக்கையில் "கவனக்குறைவு" என்பதற்குப் பதிலாகக் கல்லின் இரண்டு முனை அளவை எழுதியிருந்தால் இரண்டாவது நழுவல் நடந்திருக்காது.

உங்கள் கதையிலும் ஆபரேட்டர் வாடகை வண்டியோடு வந்தவராகத்தான் இருப்பார். அவரை மாற்றினால் நாளை வேறொருவர் அதே பெல்ட்டில், அதே இடைவெளியில் தூக்குவார். ஆகவே அறிக்கையில் ஆளைவிட அளவுதான் பேச வேண்டும். அந்த அளவுகளில் பாதியை நீங்களே கேள்வியில் கொடுத்துவிட்டீர்கள்.

முதலில் இன்றைக்குள் செய்ய வேண்டியது. இடத்தை ஒதுக்கிச் சுத்தம் செய்திருந்தாலும் விழுந்த பர்லின்களைத் தனியாக வையுங்கள். வேலைக்கு எடுத்துவிட்டால் சாட்சி போய்விடும். பெல்ட் இரண்டையும் கழற்றி, தேதி எழுதிய சீட்டு கட்டி, உங்கள் அறையில் பூட்டுங்கள். பிறகு கேல்வனைஸ் பூச்சில் பெல்ட் இழுத்த தடத்தைத் தேடுங்கள். பூச்சின் மேல் மங்கிய, லேசாகத் தேய்ந்த பட்டையாக அது தெரியும். கட்டின் வெளிப்பக்கப் பீஸ்களில் பார்த்தால், முனை பக்கம் இருந்த பெல்ட் நடுவை நோக்கி எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று டேப்பால் அளந்துவிடலாம். பெல்ட்டின் உள்பக்கத்திலும் சாம்பல் நிறக் கறை இருக்கும். எந்தப் பீஸ் முதலில் தரையைத் தொட்டது என்பதும் தெரியும்: அதன் முனை மடங்கி, மண் ஏறியிருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், பெல்ட் அறுந்து விழுவது வேறு, பெல்ட்டுக்குள்ளிருந்து சரக்கு நழுவுவது வேறு, கட்டு ஒரு பக்கம் சாய்ந்து உருவிக்கொண்டு போவது வேறு. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. அறுந்திருந்தால் பெல்ட்டின் நுனி பிய்ந்து நூலாக நிற்கும். உங்கள் விஷயத்தில் பாதிப் பீஸ் மேலேயே தங்கியிருக்கிறது, ஆகவே பெல்ட் பிடித்துத்தான் இருந்தது, உள்ளே இருந்ததுதான் போனது.

சரி, லிஃப்டிங் பிளானுக்கு வருவோம். உங்கள் தளத்திலும் ஒரு பக்கப் படிவம் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்: "கிரேன் 14 டன், லோடு 1 டன், சரி." மேனேஜர் "ஒரு டன்னைத் தூக்க என்ன பெரிய பிளான்" என்று கேட்பதும் இதை வைத்துத்தான். பர்லின் எடையை முதலில் பார்ப்போம். 200 மி.மீ. உயரமும் 2 மி.மீ. தகடும் உள்ள இசட் பர்லின் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5.6 கிலோ வரும். 8 மீட்டர் பீஸ் 45 கிலோ. 20 பீஸ் என்றால் 900 கிலோ. உங்கள் பர்லின் சைஸ் வேறென்றால் டிராயிங்கிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பச்சை பெல்ட் நேராகத் தொங்கவிட்டால் 2 டன். சோக் போட்டால் அதில் 80 சதவீதம் என்று வைத்து 1.6 டன். இரண்டு பெல்ட். ஆக, கிரேன் தாங்கும், பெல்ட் தாங்கும். படிவம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் படிவம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: பெல்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது?

இடைவெளி 5 மீட்டர், பெல்ட் 3 மீட்டர் என்கிறீர்கள். காகிதத்தில் முக்கோணம் வரைந்தால், ஹூக் கட்டுக்கு மேல் வெறும் 1.66 மீட்டரில் இருக்கும். பெல்ட் தரைக்கு இணையான கோட்டிலிருந்து 34 டிகிரிதான். இவ்வளவு படுத்த பெல்ட் தூக்குகிற வேலையோடு நடுப்பக்கமாக இழுக்கிற வேலையையும் செய்யும். ஒவ்வொரு பெல்ட்டும் 450 கிலோ தூக்க வேண்டும். அதற்கு அதன் நீளவாக்கில் 815 கிலோ இழுவிசை வருகிறது. அது 1.6 டன்னுக்குள் இருப்பதால் அறுபடாது. ஆனால் அந்த இழுவையின் கிடைமட்டப் பங்கு கிட்டத்தட்ட 680 கிலோ. அதாவது தூக்குகிற எடையைவிட அதிக விசையோடு இரண்டு பெல்ட்டும் ஒன்றையொன்று நோக்கிக் கட்டின் மேல் வழுக்கப் பார்க்கின்றன. பூச்சு வழவழப்பு; பேக்டரியிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையோ காலைப் பனியோ இருந்திருந்தால் இன்னும் மோசம். ஒரு பெல்ட் ஒரு சாண் நகர்ந்தாலே கட்டின் நடு எடை ஹூக்குக்கு நேர் கீழே இல்லாமல் போய்விடும், கட்டு சாயும். பட்டை வெட்டிய கட்டில் வெளிப்பீஸ்களைத்தான் பெல்ட் இறுக்கும். நடுவில் உள்ளவை ஒன்றின் மேல் ஒன்று சும்மா கிடக்கும். சாய்ந்ததும் அவைதான் உருவிக்கொண்டு இறங்கும். நீங்கள் சொன்ன "பாதி பீஸ்" இதோடு சரியாகப் பொருந்துகிறது. தடத்தை அளந்தால் உறுதியாகிவிடும்.

இப்போது அதே கட்டை 5 மீட்டர் பெல்ட்டில் தூக்கியிருந்தால்? இடைவெளியும் பெல்ட்டும் சமம் என்பதால் முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஒரே அளவு, கோணம் 60 டிகிரி. உள்பக்க இழுவை 680-லிருந்து 260 கிலோவுக்கு இறங்கிவிடும். களத்தில் கால்குலேட்டர் வேண்டாம், இதை மட்டும் பெல்ட் கட்டும் ரிக்கருக்குச் சொன்னால் போதும்: பெல்ட் கட்டிய இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைவிடப் பெல்ட் குட்டையாக இருந்தால் தூக்காதே. பெல்ட்டை ஒருமுறைக்கு இருமுறை சுற்றிச் சோக் போட்டால் கட்டைச் சுற்றிலும் பிடி கிடைக்கும். நீளக் கட்டுகளுக்கு அதுதான் முறை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அதையும் அறிக்கையில் எழுதுங்கள், இல்லையென்றால் உங்கள் பரிந்துரை இரண்டு நாளில் செத்துவிடும். ரிக்கர் ஏன் குட்டைப் பெல்ட் எடுத்தார்? சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். 5 மீட்டர் பெல்ட் போட்டால் ஹூக் கட்டுக்கு மேல் 4.3 மீட்டரில் நிற்க வேண்டும். கூரை உயரத்தோடு அதைக் கூட்டினால் ஹைட்ராவின் பூமை இன்னும் நீட்ட வேண்டிவரும். பூம் நீள நீள, தூரம் கூடக் கூட, 14 டன் என்பது காகிதத்தில்தான். உண்மையில் எவ்வளவு தூக்கும் என்பதை கேபினில் ஒட்டியிருக்கும் லோடு சார்ட்டில் பார்க்க வேண்டும். இடைவெளியைக் குறைத்து 3 மீட்டராக்கினால் கோணம் சரியாகும், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர் முனை தொங்கும். மெல்லிய பர்லின் வளைந்து ஆடும். ஹூக்குக்கும் கட்டுக்கும் நடுவே ஸ்ப்ரெடர் பீம் என்ற குறுக்குச் சட்டம் போட்டால் கட்டின் மேல் உள்பக்க இழுவை இருக்காது, பெல்ட் செங்குத்தாகத் தொங்கும். ஆகவே பிளானில் இருக்க வேண்டியது எடை மட்டுமல்ல: எந்தப் பெல்ட், என்ன நீளம், எங்கே கட்டுவது, ஹூக்கின் அதிகபட்ச உயரம், அந்த உயரத்துக்கும் தூரத்துக்கும் சார்ட்டில் உள்ள எடை. அரைப் பக்கத்தில் ஒரு படம் போட்டால் முடிந்தது. பட்டை வெட்டிய கட்டைத் தூக்கக்கூடாது, மறுபடி கட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று ஒரு வரியும் சேருங்கள். அந்தப் பட்டை ஒருபோதும் தூக்குவதற்கானதல்ல, ஆனால் பீஸ்களை ஒன்றாக வைத்திருந்தது அதுதான்.

இன்னொன்று, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அங்கேயே அரை நிமிடம் நிறுத்தியிருந்தால் பெல்ட் நகர்ந்ததும் கட்டு சாய்ந்ததும் கண்ணில் பட்டிருக்கும். "நிறுத்தினோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு நேரம், யார் சுற்றி வந்து பார்த்தார், என்ன பார்த்தார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து சிக்னல். இரண்டு பேர் கை காட்டினார்கள் என்று கேள்வியோடு கேள்வியாகச் சொல்லிவிட்டீர்கள், என் கண்ணுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஹைட்ராவில் பூம் ஆபரேட்டர் கண்ணுக்கு முன்னாலேயே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு பக்கம் அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் பார்வை சிக்னல்மேனின் கையில்தான் இருக்கிறது. இரண்டு கை தெரிந்தால் யாருடையதைக் கேட்பார்? பக்கத்தில் நிற்பவருடையதை, அல்லது சம்பளம் பேசியவருடையதை. இங்கே ஃபோர்மேன்.

வாக்குமூலம் எடுக்கும்போது "என்ன சிக்னல் கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "நிறுத்தச் சொன்னேன்" என்றுதான் பதில் வரும், எல்லோரிடமிருந்தும். "கையை எப்படி வைத்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டு, அப்படியே ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம் தனியாக ஆபரேட்டரிடம் "நீங்கள் என்ன கையைப் பார்த்தீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் அங்கேயே விஷயம் வெளிவந்துவிடும். நான் பார்த்த ஒரு சம்பவத்தில் ஹெல்பர் "கொஞ்சம் இரு" என்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி லேசாக அசைத்திருக்கிறார். ஆபரேட்டர் அதை "மெதுவாக இறக்கு" என்று எடுத்துக்கொண்டார். அவரவர் பார்வையில் இரண்டு பேரும் சரி.

வாய்ச்சொல்லும் அப்படித்தான். பழைய கலாசிகள் "ஹாபிஸ்" என்றால் தூக்கு, "ஆரியா" என்றால் இறக்கு. உங்கள் தளத்தில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பசங்க இருப்பார்கள், ஆபரேட்டர் நம்ம தர்மபுரிக்காரராக இருப்பார். கூச்சலில் "ருக்கோ"வும் "மெல்ல"வும் கலந்துபோகும். ஆகவே பரிந்துரையில் மொழியை எழுதாமல் கையை எழுதுங்கள். ஆட்காட்டி விரல் மேலே, சின்ன வட்டம் சுற்றினால் தூக்கு. விரல் கீழே, வட்டம் சுற்றினால் இறக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே வைத்து முன்னும் பின்னும் வீசினால் அவசர நிறுத்தம். ஒரு தூக்குக்கு ஒரே சிக்னல்மேன், அவருக்கு வேறு நிற ஜாக்கெட், மற்றவர் கையைப் பார்த்து ஆபரேட்டர் வண்டியை அசைக்கக் கூடாது. ஒரே விதிவிலக்கு நிறுத்தச் சொல்லும் கை. அதை டீ கொண்டுவரும் பையன் காட்டினாலும் நிறுத்த வேண்டும். சிக்னல்மேன் கண்ணிலிருந்து மறைந்தாலும் நிறுத்த வேண்டும். நேற்று அவர் எங்கே நின்றார், சூரியன் ஆபரேட்டர் கண்ணில் அடித்ததா என்பதைச் சம்பவ நேரத்திலேயே போய் நின்று பாருங்கள். மதியம் போய்ப் பார்த்தால் காலை வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று தெரியாது.

இப்போது தடைப் பகுதி. ஹைட்ராவைச் சுற்றி டேப் கட்டுவது நம் பக்கம் எல்லாத் தளத்திலும் நடப்பதுதான். வண்டி நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அங்கே கட்டுகிறோம். ஆனால் விழப்போவது வண்டி இல்லை, சரக்கு. ஹைட்ரா சரக்கோடு நகரவும் செய்யும். ஆகவே பகுதியை அளக்க வேண்டியது சரக்கின் விளிம்பிலிருந்து, அது போகும் பாதை முழுவதும்.

எவ்வளவு தூரம்? சிலர் "6 மீட்டர் விதி இருக்கிறதே" என்பார்கள். பழைய தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 29-ஆவது பிரிவில் இருந்த அந்த 6 மீட்டர், ஷெட்டுக்குள் மேலே ஓடும் டிராவலிங் கிரேனின் சக்கரப் பாதைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கானது. உங்கள் பர்லினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரக்கைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 8 மீட்டர் பீஸ் சாய்வில் உருவி இறங்கினால் முனை முதலில் தரையில் குத்தும். குத்தியதும் அப்படியே நின்று, மரம் மாதிரி எந்தப் பக்கமும் சாயலாம். சாய்ந்தால் முழு 8 மீட்டருக்குப் போகும். அதோடு இரண்டு மீட்டர் சேர்த்து, சரக்கின் விளிம்பிலிருந்து சுற்றிலும் 10 மீட்டர் என்றுதான் நான் போடுவேன். நாலு மீட்டரில் நின்ற பசங்க தப்பித்தது பீஸ் வேறு பக்கம் சாய்ந்ததால், அவ்வளவுதான். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஒரு வினாடி ஆகும், தொடும்போது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம். முதுகு காட்டிக் குனிந்து ஸ்பேனர் போட்டுக்கொண்டிருப்பவன் சத்தம் கேட்டுத் திரும்புவதற்கே அந்த ஒரு வினாடி போய்விடும். "அவர்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று யாராவது எழுதச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நாலு மீட்டர் என்பது எதிலிருந்து என்பதையும் அறிக்கையில் தெளிவாகச் சொல்லுங்கள். விழுந்த பீஸின் அருகிலுள்ள முனையிலிருந்து அவர்கள் நின்ற இடம் வரை ஓர் அளவு; தொங்கிய கட்டின் விளிம்புக்குக் கீழேயிருந்து இன்னோர் அளவு. இரண்டும் வேறாக இருக்கும். ஒரு கைப்படம் வரைந்து அதில் போடுங்கள்.

10 மீட்டருக்கு இடமே இல்லை என்று மேனேஜர் சொல்வார், ஷெட்டுக்குள் அது உண்மையாகவும் இருக்கும். இடம் இல்லையென்றால் நேரத்தைப் பிரிக்கலாம். பர்லின் தூக்கும் அந்த நேரத்துக்கு அந்த வரிசையில் போல்ட் வேலையை நிறுத்தி, ஆட்களை அடுத்த வரிசைக்கு அனுப்புவது. அந்தப் பசங்க தானாக அங்கே போய் நிற்கவில்லை. காலையில் வேலை பிரித்தபோது இரண்டு வேலையையும் ஒரே வரிசைக்கு ஒரே நேரத்தில் யாரோ கொடுத்திருக்கிறார். அந்த முடிவுதான் காரணம் என்று அறிக்கை சொல்ல வேண்டும். கட்டைத் திருப்ப கயிறு பிடிப்பவர் மட்டும் இந்தப் பகுதிக்குள் இருக்க வேண்டிவரலாம். அவருக்கும் நீளக் கயிறு கொடுத்து, முனைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில், ஒதுங்க வழி உள்ள இடத்தில் நிறுத்துங்கள். கையால் பர்லினைப் பிடித்துத் திருப்புவதை மட்டும் யாரும் செய்யக்கூடாது. நேற்று அந்த ஹெல்பர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். கை காட்டும் தூரத்தில் இருந்தார் என்றால் கட்டைத் தொடும் தூரத்திலும் இருந்திருக்கலாம்.

யாருக்குத் தெரிவிப்பது என்ற விஷயம். காயம் இல்லை என்பதால் வெளியே சொல்ல வேண்டியதில்லை என்று பேசுவார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ஆபத்தான நிகழ்வு என்று வகுக்கப்பட்டவற்றைக் காயம் உண்டானாலும் இல்லாவிட்டாலும் முதலாளி தெரிவிக்க வேண்டும் என்கிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் 88ஏ பிரிவு இதையே சொன்னது. தூக்கும் கருவியோ அதன் பாகமோ பழுதாகி விழுவது அந்த வகையில் வழக்கமாக வரும். உங்கள் விஷயத்தில் கருவி பழுதாகவில்லை, சரக்குதான் நழுவியது. அது அந்த வரையறைக்குள் வருமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. அந்த முடிவு உங்களுடையது அல்ல, மேனேஜர் தனியாக எடுக்க வேண்டியதும் அல்ல. தலைமை அலுவலகப் பாதுகாப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் "தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நிகழ்வா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். எழுத்தில் கேட்டால் பதில் நிதானமாக வரும், பார்த்திருக்கிறேன்.

வாக்குமூலத்தில் ஒரு ஜாக்கிரதை. வடமாநிலப் பசங்களிடம் பேசும்போது மொழிபெயர்க்க ஃபோர்மேனைக் கூப்பிடாதீர்கள், கான்ட்ராக்டர் ஆளையும் வேண்டாம். அவர்கள் பக்கத்தில் நின்றால் "ஒன்றும் தெரியாது சார்"தான். வேறு கேங்கில் இந்தி தெரிந்தவர் யாராவது இருப்பார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, சம்பவ இடத்திலேயே நிற்கவைத்துக் கேளுங்கள்.

எழுதும் நடைக்கு, உங்கள் அறிக்கையின் முதல் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

> "காலை … மணிக்கு, … வரிசைத் தூண்களுக்கு இடையே, 8 மீ நீளமுள்ள 20 பர்லின்கள் (கணக்கிட்ட எடை 900 கிலோ) கொண்ட கட்டை ஹைட்ரா தூக்கிக்கொண்டிருந்தது. கட்டு தரையிலிருந்து சுமார் 5 மீ உயரத்தில் இருந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து … பர்லின்கள் நழுவி விழுந்தன. பெல்ட்டுகள் அறுபடவில்லை. வடக்கு முனை பெல்ட் நடுவை நோக்கி … செ.மீ. நகர்ந்த தடம் பூச்சில் உள்ளது (படம் 3). விழுந்த பர்லினின் முனைக்கும் அருகிலிருந்த தொழிலாளருக்கும் இடைவெளி … மீ. காயம் இல்லை. கட்டின் பட்டை முன்பே வெட்டப்பட்டிருந்தது. பெல்ட் கோணம் 34 டிகிரி (கணக்கு இணைப்பில்). ஒரே நேரத்தில் இருவர் சிக்னல் காட்டினர். தடுப்பு டேப் கிரேனைச் சுற்றி இருந்தது. சரக்கின் பாதையில் இல்லை."

பாருங்கள், இதில் யார் மீதும் குற்றம் இல்லை, ஆனால் எதுவும் விடுபடவும் இல்லை. பார்த்தது, அளந்தது மட்டும் இந்தப் பத்தியில் வரட்டும். கேட்டதை "என்று ஆபரேட்டர் கூறினார்" என்று அடுத்த பத்தியில் தனியாக வையுங்கள். நீங்கள் ஊகித்தது, அதாவது பெல்ட் வழுக்கியதால் சாய்ந்தது என்பது, மூன்றாவதாக, "தடமும் கணக்கும் இதைக் காட்டுகின்றன" என்று வர வேண்டும். நாளைக்கு யாராவது உங்கள் ஊகத்தை மறுத்தாலும் முதல் பத்தியை அசைக்க முடியாது.

பரிந்துரைகள் நாலைந்து போதும், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரும் தேதியும். "இனி கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது" என்பது வேண்டாம். "5 மீட்டர் பெல்ட் நான்கு, ஸ்டோர் பொறுப்பாளர், இந்தத் தேதிக்குள்" என்பது நாலு நாள் கழித்துப் போய் எண்ணிப் பார்க்கக்கூடியது. அடுத்த பர்லின் தூக்கு அந்தப் பெல்ட் வரும்வரை இல்லை என்பதையும் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கையெழுத்துப் போட யோசித்தால், யோசித்தார் என்பதையே நேரத்தோடு உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையின் ஒரு நகலைப் படங்களோடு உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக் கம்பெனி விதி தடுக்கலாம். அப்படியென்றால் அச்செடுத்து, எண்ணிட்டு, தளக் கோப்பில் கோர்த்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு வையுங்கள். பூட்டி வைத்த பச்சை பெல்ட்டை "நல்லாத்தானே இருக்கு, வேலைக்குக் கொடு" என்று ஸ்டோரிலிருந்து கேட்டு வருவார்கள். விசாரணை முடியும்வரை கொடுக்காதீர்கள். முடிந்த பிறகும், உள்பக்கத் தையலை ஒருவர் விரல் வைத்துப் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள்.